ஐந்து சதவீதப் பள்ளம்

அவரை எல்லோரும் நகல் என்றுதான் கூப்பிட்டார்கள். பங்குச் சந்தை அறையில் வரைபடங்களை அச்செடுத்து, வருகிறவர்களுக்குக் கொடுப்பது அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அந்த அறை ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர், இருபது பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் செருப்புக் குவியல். முதலாளி, நகலின் மனைவியோடு பிறந்த தம்பி. அக்கா முகத்துக்காக வேலை கொடுத்தவன், அதைத் தினமும் ஒருமுறையாவது நினைவுபடுத்துவான். வாடிக்கையாளர்கள் முன்னால், "எங்க மச்சானுக்குப் பிரிண்டர் மாதிரிதான் மூளை. தாளை வெச்சாத்தான் ஓடும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நகலும் சிரிப்பார். கடவுள் அவருக்குத் திருப்பிச் சொல்லும் நாக்கைக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை தோறும் முதலாளி வகுப்பு எடுப்பான். அதற்குக் கட்டணம் உண்டு. வகுப்பின் முழு அழகும் ஜிக்ஜாக் என்ற ஒரு கோட்டில் இருந்தது. பங்கின் விலை தினமும் நூறு தடவை ஏறி இறங்கும். அந்தச் சில்லறை அசைவுகளையெல்லாம் இந்தக் கோடு விட்டுவிடும். ஐந்து சதவீதம் என்று வைத்தால், உச்சத்திலிருந்து ஐந்து சதவீதம் இறங்கினால்தான் அதை இறக்கம் என்று ஒத்துக்கொள்ளும். பள்ளத்திலிருந்து ஐந்து சதவீதம் ஏறினால்தான் ஏற்றம். அதனால் பழைய வரைபடத்தில் பார்த்தால் மலையும் பள்ளமும் ரம்பப் பல் மாதிரி சுத்தமாகத் தெரியும். முதலாளி குச்சியால் ஒவ்வொரு பள்ளத்தையும் தொட்டு "இங்க வாங்கு" என்பான். ஒவ்வொரு முனையையும் தொட்டு "இங்க வித்துடு" என்பான். கேட்பவர்களுக்கு, இவ்வளவு சுலபமான விஷயத்தை விட்டுவிட்டு இத்தனை நாள் உழைத்துச் சாப்பிட்டோமே என்று இருக்கும்.

நகல் ஒரு நாள் தாள் மிச்சம் பிடிப்பதற்காக, ஒரு பங்கின் முந்தின நாள் தாளை எடுத்து அன்றைய தாளோடு சேர்த்துக் குழல் விளக்குக்கு நேராகப் பிடித்தார். எது பழசு என்று பார்க்கத்தான். எல்லாக் கோடும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தியது. கடைசிக் கோடு மட்டும் பொருந்தவில்லை. முந்தின நாள் தாளில் பள்ளம் இருநூற்றைந்தில் இருந்தது. அன்றைய தாளில் அந்தப் பள்ளத்தையே காணோம். கோடு நிற்காமல் இருநூற்று மூன்றுக்குப் போயிருந்தது. மறுநாள் அதுவும் போய் இருநூறு ஆனது.

அவர் மூன்று தாளையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கோட்டின் கடைசித் துண்டு இன்னும் ஊன்றாத கால் என்று அவருக்குப் புரிந்தது. விலை இன்னும் கீழே போனால், பள்ளத்தின் அடியைக் கோடு தானாகவே கீழே நகர்த்திக்கொள்ளும். நேற்று தவறான இடத்தில் நின்றதற்கு ஒரு தடயம்கூட வைக்காது. பழைய வரைபடத்தில் எல்லாம் சரியாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இதை அவர் ஒரே ஒருத்தியிடம் சொன்னார். கீழ்த் தெருவில் தையல் கடை வைத்திருந்த அம்மாள் அவள். புருஷன் இல்லை. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினுக்காகப் பல வருஷம் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது பழைய மெஷின் ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதற்கு இன்னும் கொஞ்சம் பணம் குறைந்தது. அதைச் சந்தையில் பிடித்துவிடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தான். இருநூற்றைந்தில் பள்ளம் தெரிந்த அன்றே அந்தப் பங்கை வாங்கச் சொன்னான். அவள் பயந்து நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தாள். நகல்தான் அவளைப் படிக்கட்டில் நிறுத்தித் தாள்களைக் காட்டினார்.

"இது பள்ளம்னு இன்னும் முடிவாகலம்மா. தினமும் நகருது பாருங்க."

"அப்ப எப்பண்ணே முடிவாகும்?"

"இப்ப இருநூறுல நிக்குது. அஞ்சு சதவீதம்னா பத்து ரூபா. இருநூத்திப் பத்துல நாள் முடிஞ்சா, அப்புறம் இந்தப் பள்ளம் நகராது. அதுவரைக்கும் பொறுங்க."

அவள் அந்த வார்த்தையைப் பத்திரமாக வாங்கிக்கொண்டாள். பள்ளம் நகராது. அதற்குக் கீழே விலை போகாது என்று அவள் எடுத்துக்கொண்டாள். உண்மையில், தாளில் விழுந்த அந்தப் புள்ளி அழியாது என்பதுதான் அதன் அர்த்தம். விலைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இந்த வித்தியாசம் சொன்னவருக்கும் அன்று தெரியாது.

நாலு நாள் கழித்து விலை இருநூற்றுப் பத்தில் முடிந்தது. நகல் சந்தோஷமாகத் தாளை எடுத்துக்கொண்டு அவள் கடைக்கே போனார். மறுநாள் காலையில் அவள் இருநூற்றுப் பதினொன்றுக்கு வாங்கினாள். அன்று இருநூற்றுப் பன்னிரண்டில் முடிந்தது. அதற்கு மேல் அது ஏறவேயில்லை.

இருநூற்று ஒன்பது, இருநூற்று ஐந்து என்று இறங்கியபோது கோடு பேசாமல் மேல்நோக்கியே நின்றது. இருநூற்று ஒன்றில் முடிந்த அன்று, ஐந்து சதவீதம் இறங்கிவிட்டது என்று ஒத்துக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டின் மேல் ஒரு முனையை வரைந்தது. முனை என்று தெரிந்தபோது விலை அங்கே இல்லை. பிறகு நூற்றுத் தொண்ணூற்றாறு, நூற்று எண்பத்தெட்டு. மெஷினை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். நூற்று எண்பதில் அவள் விற்றாள்.

செய்தி முதலாளிக்குத் தெரிந்தது. கோபப்படுவான் என்று நகல் பயந்தார். அவன் கோபப்படவில்லை. "மச்சான், நீங்களும் வாத்தியாரா ஆயிட்டீங்கன்னு சொல்லவேயில்லையே" என்று மட்டும் கேட்டான். அந்தச் சனிக்கிழமை அந்தப் பங்கின் வரைபடத்தையே பெரிதாக அச்செடுத்துச் சுவரில் மாட்டச் சொன்னான்.

அன்று அந்த அம்மாள் கணக்கை முடிக்கும் படிவத்துக்காக வந்திருந்தாள். வகுப்பு முடியட்டும் என்று அவளைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். முன்னால் குச்சி நகலின் கையில். சுவரில் கோடு ரம்பப் பல்லாகச் சுத்தமாக இருந்தது. இருநூறில் பள்ளம், இருநூற்றுப் பன்னிரண்டில் முனை.

முதலாளி பள்ளத்தைக் காட்டச் சொன்னான். நகல் காட்டினார். "இங்க வாங்கணும்னு நான் சொன்னேன்" என்றான். இருநூற்றைந்தில் அவன் சொன்னதற்கான அடையாளம் தாளில் எங்கும் இல்லை. பிறகு முனையைக் காட்டச் சொன்னான். "இதுக்கு ஒத்த ரூபா கீழ ஒருத்தங்க வாங்கினாங்க. சொன்னதைக் கேக்காம, படிக்கட்டு வகுப்புல படிச்சுட்டு வாங்கினாங்க."

நாற்காலிகள் சிரித்தன. வாங்கியது யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

அவள் உட்கார்ந்தபடியே கேட்டாள். "அந்த முனை அன்னைக்கு அங்க இருந்துச்சாண்ணே?"

அறை திரும்பிப் பார்த்தது. நகல் வாயைத் திறந்தார். இல்லை என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். மூன்று தாளும் அவர் மேஜை இழுப்பறையில் இருந்தன.

"மச்சான்," என்றான் முதலாளி, மெதுவாக. "வீட்டுல அக்கா சோறு எடுத்து வெச்சிருப்பா. சீக்கிரம் முடிங்க. அடுத்த பக்கம்."

நகல் தாளைப் புரட்டினார்.

அவள் எழுந்து கணக்கு எழுதுபவர் மேஜைக்குப் போய், எந்த இடத்தில் கையெழுத்து என்று கேட்டுப் போட்டாள். படியிறங்கும் சத்தம் கேட்டது. அடுத்த தாளிலும் கோடு அழகாக இருந்தது. நகல் குச்சியை முதல் பள்ளத்தில் வைத்து, "இங்க வாங்கணும்" என்றார்.