ராசாத்தியின் மெஷினில் இருந்த பெயர்

ஏற்காடு கடைவீதியில் ‘கிளியூர் மிளகுக் கடை’ என்ற போர்டின் கீழ் மிளகும் காப்பித்தூளும் தேனும் விற்கிறார் ராசாத்தி. போர்டை எழுதவைத்தவர் அவர் கணவர் கமலக்கண்ணன். அவருக்குச் சொந்த ஊர் சேலம். “எம்பேரு எதுக்கு? மொளகு கிளியூர்ல வெளையுது, ஊரு பேரே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். ஆனால் கார்டு மெஷினுக்கு மனுக் கொடுத்தபோது தம் பெயரையும் சேலத்து வீட்டு முகவரியையும் எழுதினார். வங்கிக் கணக்கு அந்தப் பெயரில்தான் இருந்தது.

அவர் மாரடைப்பில் இறந்த பிறகும் மெஷின் ஓடியது. யாரும் வங்கிக்குச் சொல்லவில்லை.

கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் ராசாத்திக்கு இல்லை. அவர் உயிரோடு இருந்தபோதும் “ஏனுங்க” என்றுதான் கூப்பிடுவார். ஆகவே கார்டு தேய்த்தவரிடம் ஒன்று கேட்பார்.

“ஏனுங்க, மெசேஜ் வந்துருச்சுங்களா? என்ன பேரு போட்டிருக்குதுங்க?”

“கமலக்கண்ணன், சேலம்னு வந்திருக்கே. யாருங்க இது?”

“எங்க ஊட்டுக்காரருங்க. மெஷினுக்குள்ள இருக்காரு.”

வந்தவர்கள் சிரிப்பார்கள். பக்கத்துப் பழக்கடைச் சந்திரசேகர், “அக்கா, தெனம் புருசன் பேர ஊரார் வாயில சொல்ல வெச்சுக் கேக்கறது நீங்க ஒருத்தருதான்” என்பான். “உனக்கென்னடா வலிக்குது? போயி பலாப்பழத்த வெட்டு” என்பார் ராசாத்தி.

போன மழைக்காலத்தில் கமலக்கண்ணன் பெயருக்கு வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த என்னிடம் அதைக் கொண்டுவந்தார். வாசித்துச் சொன்னேன். ஏற்காட்டுக்கு வந்து போன ஒரு குடும்பம் மாதக் கணக்கைப் பார்த்திருக்கிறது. ‘கமலக்கண்ணன், சேலம்’ என்ற ஆளை அவர்களுக்குத் தெரியவில்லை. அன்று சேலத்தில் எங்கும் எதுவும் வாங்கவும் இல்லை. கார்டை யாரோ திருட்டுத்தனமாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்று தங்கள் வங்கியில் புகார் கொடுத்துவிட்டார்கள். விற்றதற்கான பில்லும் மெஷின் சீட்டும் வேண்டும். பதிலில் உரிமையாளர் கையெழுத்திட வேண்டும் என்றது கடிதம்.

“எங்கிட்ட தேன் வாங்கினவங்கதானுங்க. அன்னைக்கு அவங்க போனுல சார்ஜ் இல்லீங்க, பேரு கேக்க முடியல. கொழந்தைக்குக் கூட நக்கக் குடுத்தேன். திருட்டுன்னு எப்படிங்க எழுதுவாங்க?”

“அவங்க கண்ணுல பட்டது கிளியூர் மிளகுக் கடை, அம்மா. தாளில் வந்தது வேறு பேர்.”

இருவரும் வங்கிக்குப் போனோம். ஜெஸ்லின் என்ற இளம் அதிகாரி பில்லையும் சீட்டையும் பார்த்தார்.

“நீங்க வித்தது சரிதாம்மா. மெஷின் வாங்கறப்ப எங்ககிட்ட பதிஞ்ச பேரும் ஊரும்தான் அவங்க கணக்குத் தாள்ல போய் அச்சாகும். கடை வாசல்ல என்ன போர்டு இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பில்லுல கடை பேரு, சீட்டுல சார் பேரு. ரெண்டும் ஒரே கடைன்னு ஒரு பதில் எழுதி சார் கையெழுத்துப் போட்டாப் போதும். சார் வரலீங்களா?”

ராசாத்தி கைப்பையின் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

“ஊர்ல இல்லீங்களா?”

“இல்லீங்க.” பிறகு மெதுவாக, “எங்கயுமே இல்லீங்க” என்றார்.

ஜெஸ்லின் பேனாவைக் கீழே வைத்தார். இறந்தவர் பெயரில் கணக்கு ஓடக்கூடாது, அதை முடித்துவிட்டு ராசாத்தி பெயரில் புதுக் கணக்கும் புது மெஷினும் வாங்க வேண்டும் என்று விளக்கினார். பழைய புகாருக்கு இறப்புச் சான்றோடு பதில் அனுப்பலாம் என்றார்.

“புது மெஷின்லயும் அவரு பேரயே போட முடியாதுங்களா, கண்ணு?”

“போர்டுல அந்தப் பேரு இருந்தா, கடை பேரா அதையே பதியலாம்மா. போர்டு ஒண்ணு, மெஷின் ஒண்ணுன்னு இருந்தா மறுபடியும் இதே புகார்தான் வரும்.”

ராசாத்தி கைப்பையிலிருந்து இறப்புச் சான்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“போர்டுல வேண்டாம்னு அவருதான் சொன்னாருங்க. அவரு வெச்ச பேர நான் எப்படிங்க அழிக்கறது? கடை பேரே போட்டுக்குங்க.”

சான்றைச் சரிபார்க்க ஜெஸ்லின் அதிலிருந்த பெயரை உரக்கப் படித்தார். ராசாத்தி கண்களை மூடிக் கேட்டார். “இன்னொருக்கா படிங்க, கண்ணு” என்றார். ஜெஸ்லின் காரணம் கேட்காமல் மறுபடியும் படித்தார்.

புது மெஷின் வந்த அன்று நானும் கடையில் இருந்தேன். ஈரோட்டிலிருந்து வந்த ஒருவர் காப்பித்தூள் வாங்கிக் கார்டைத் தேய்த்தார்.

“மெசேஜ் வந்துருச்சுங்களா? என்ன பேரு போட்டிருக்குதுங்க?” வாய்ப் பழக்கம்.

“கிளியூர் மிளகுக் கடை, ஏற்காடு. சரியா இருக்குங்க.”

“சரிங்க” என்றார் ராசாத்தி. பையைக் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்க்கவில்லை. சந்திரசேகரும் அவரைக் கேலி செய்வதில்லை.