மூடினாலும் இறங்காத மெமரி

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நானும் ஓர் அக்காவும் ஒரே கம்ப்யூட்டரில் நாள் மாற்றி வேலை பார்த்தோம். அக்காவின் நாளில் மட்டும் அது மாலைக்குள் அசையாமல் நின்றுவிடும்.

"எங்கிட்ட ஒருநாளும் நிக்கலியே சார்" என்று முதலாளியிடம் சொன்னேன். அக்காவை வேலையிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஆள் வைத்தார்.

என் நாட்களில் கோயில் உச்சிகால பூஜைக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போவது என் வழக்கம். ஒருநாள் சென்டரில் கூட்டம் ஜாஸ்தி, போக முடியவில்லை. அன்று எனக்கும் நின்றது. என் அடுத்த முறை, எந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக் கவனித்தேன். ஸ்கேன் படம் திறக்கத் திறக்க படம் காட்டும் புரோகிராம் எடுக்கும் மெமரி ஏறியது. படத்தை மூடினாலும் இறங்கவில்லை. புரோகிராமையே மூடியபோதுதான் இறங்கியது. நடுவில் நான் அணைத்ததால்தான் என்னிடம் நிற்கவில்லை, அக்கா மேல் தப்பே இல்லை.

அக்கா வீட்டில் போய்ச் சொன்னேன். "இப்ப வந்து சொல்றியா தம்பி?" என்று உள்ளே போய்விட்டார்.

இதை யாரிடமாவது சொன்னால், என் தப்பைக் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.