தேதிக்காரர் ஒட்டிய இரண்டாவது காகிதம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவரைத் தேதிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும், நாம் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்.

அலுவலகத்தில் எழுத்தர் வேலை. யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் விடுப்பு பாக்கி, எல்லாம் அவர் கணினியில். இருபத்திரண்டு வருடமாக அறிவிப்புப் பலகையும் அவர் ராஜ்ஜியம்தான். செருப்பைக் கழற்றி வைக்கவும், குடிதண்ணீரில் கை கழுவாதீர், குடையை இயந்திரத்தில் மாட்டாதீர். எழுதி எழுதி அவருக்குக் கையெழுத்து அழகாயிற்றே தவிர, படித்தவர் யாரும் இல்லை.

ஆள் கொஞ்சம் கனவுப் பேர்வழி. ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து வரும். அட்டை வெட்டும் பக்கத்திலிருந்து கிளம்புகிற காகிதத் தூசி அந்த வெயிலில் மிதக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கை தானாகத் தட்டச்சு செய்யும். தூசி கீழே இறங்குகிறதா, மேலே ஏறுகிறதா என்று அவருக்கு இதுவரை பிடிபடவில்லை. அதற்காக அவர் கவலைப்பட்டதும் இல்லை.

தேதிக்காரர் என்ற பட்டம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். ஏழு வருடத்துக்கு முன்னால், சரக்கு வாங்கியவர்கள் காசு தராமல் இழுத்தடித்ததில் ஒரு மாதம் சம்பளம் நின்றுபோனது. 'சில தவிர்க்க முடியாத காரணங்களால் சம்பளம் தாமதமாகிறது. பத்தாம் தேதி நிச்சயமாக வழங்கப்படும்' என்று முதலாளி சொல்லச் சொல்ல இவர் கணினியில் அடித்து ஒட்டினார். பத்தாம் தேதி வந்தது, போனது. சம்பளம் வர இன்னும் முப்பது நாள் ஆயிற்று. அன்றிலிருந்து தேதிக்காரர்.

அது கூடப் பெரிதில்லை. அவர் மனைவியும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. பசை ஒட்டும் பிரிவில் நாற்பது பெண்களுக்குத் தலைவி. எல்லாருக்கும் அவர் பசை அக்கா. அந்த மாதம் அந்தம்மா தன் பெண்களிடம், எங்க வீட்டுக்காரர் எழுதினது, தப்பாது என்று வாயைக் கொடுத்துவிட்டார். பதினொன்றாம் தேதி காலையில் நாற்பது ஜோடிக் கண்கள் தன்னை எப்படிப் பார்த்தன என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஏழு வருடமாக அறிவிப்புப் பலகையை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டிலும் அப்படித்தான். சாயந்திரம் குழாயைச் சரி பண்ணிவிடுகிறேன் என்று இவர் சொன்னால், அந்தம்மா பேசாமல் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போவார்.

இனி நடந்ததற்கு வருவோம். ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. சம்பள நாள். காலையிலிருந்து மழை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் தேதிக்காரர் பாதித் தூக்கத்தில் இருந்தார். ஒன்பது மணி ஆகியும், சம்பளம் ஏறியதென்று ஒருத்தர் போனும் மணி அடிக்கவில்லை.

கணக்குப் பெண் வெளிறிப்போய் வந்தாள். முந்தின நாள் மாலை சம்பளப் பட்டியலை அவள்தான் வங்கியின் இணையப் பக்கத்தில் ஏற்றினாள். முதலாளி தன் போனுக்கு வந்த எண்ணைப் போட்டு ஒப்புதல் கொடுத்தார். கம்பெனிக் கணக்கிலிருந்து மொத்தப் பணமும் போயிருந்தது. ஒருவர் கணக்கிலும் ஏறவில்லை. நடுவில் எங்கேயோ நிற்கிறது. வங்கியில் கேட்டால், நேற்று ராத்திரி பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாறினோம், அந்த நேரத்தில் வந்த பட்டியல்கள் எல்லாம் சிக்கிக்கொண்டன என்றார்கள்.

நூற்று நாற்பது பேருடைய ஒரு மாதம், எந்த ஊரிலும் இல்லாமல், எந்தப் பெட்டியிலும் இல்லாமல், தூசி மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. தேதிக்காரருக்கு அந்த நினைப்பு என்னவோ பிடித்துப்போயிற்று. அதிலேயே கொஞ்ச நேரம் மிதந்தார்.

முதலாளி, அதே பட்டியலை மறுபடி அனுப்பிவிடு என்றார். அப்படிச் செய்தால் சிக்கினது விடுபடும்போது எல்லாருக்கும் இரண்டு சம்பளம் ஏறிவிடும், அனுப்ப வேண்டாம் என்று வங்கியே சொல்லியிருக்கிறது என்று கணக்குப் பெண் தடுத்தாள். முதலாளி கையை உதறிக்கொண்டு, ஒரு நோட்டீஸ் ஒட்டும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இங்கேதான் தேதிக்காரர் கோட்டை விட்டார். கண் ஜன்னலில், மனசு மிதக்கிற பணத்தில், கை மட்டும் கணினியில். தாமதம் என்று தேடினார். பழைய அறிவிப்பு வந்தது. மாதத்தை மாற்றி, பத்தாம் தேதியை எடுத்துவிட்டு 'விரைவில்' என்று போட்டு, அச்செடுத்து ஒட்டிவிட்டு வந்து டீயைக் கையில் எடுத்தார்.

டீ உதட்டுக்குப் போவதற்குள் சத்தம் மாறியது. முதலில் வெட்டும் இயந்திரம் நின்றது. பிறகு மடிக்கும் இயந்திரம். பிறகு மழை மட்டும் கேட்டது. படிக்காத சனம் படித்துவிட்டது. 'சில தவிர்க்க முடியாத காரணங்களால்' என்ற முதல் வரியே போதுமாயிருந்தது. அந்த வரிக்கு அங்கே ஒரே அர்த்தம்தான்: முதலாளியிடம் காசு இல்லை.

பசை அக்கா அலுவலக வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் பசை, அதனால் கதவைத் தொடவில்லை. அவர் காகிதத்தைப் படிக்கவில்லை, பெண்கள் சொல்லித்தான் தெரியும்.

"பழசையே திருப்பிப் போட்டீங்களாமே. புதுசா ஒரு பொய் எழுதக்கூட நேரமில்லையா?"

"ஐயோ, இது அந்த மாதிரி இல்லம்மா. பணம் போயிடுச்சு, பேங்க்குல நிக்குது."

"எனக்குத் தெரியாது. அஞ்சாம் தேதி மதியத்துக்குள்ள கூட்டுறவுச் சங்கத்துல வீட்டுக் கடன் கட்டணும். என்னை மாதிரி ஒம்போது பேர் இருக்காங்க. பொண்ணுங்க எந்திரிச்சுப் போகட்டுமான்னு கேக்குதுங்க. நான் என்ன சொல்ல?"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தேதிக்காரரின் டீ ஆறிப்போனது. இந்த அம்மா இனிமேல் தன்னை நம்பவே போவதில்லை என்று ஏழு வருடமாகத் தெரிந்த விஷயம், இப்போதுதான் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

ஒட்டினதைக் கிழித்தார். நேராக முதலாளி அறைக்குப் போய், என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதப் போவதாகச் சொன்னார். முதலாளி தேதி மட்டும் வேண்டாம் என்றார், ஏற்கனவே பட்டது போதுமாம். தேதி இல்லாமல் ஒட்டுவதற்குப் பதில் அந்த இடத்தில் ஒரு காலண்டர் படத்தை ஒட்டலாம் என்று இவர் சொன்னதாகக் கணக்குப் பெண் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள். அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவள்தான். ஆனால் அறையிலிருந்து வெளியே வந்தபோது முதலாளி சிரித்துக்கொண்டிருந்ததை நானே விசாரித்து வைத்திருக்கிறேன்.

பேச்சால் தேதி வராது என்று வங்கிக்குப் போன் போட்டு, எழுத்தில் கேட்டார்கள். மூன்று மணிக்குக் கடிதம் வந்தது: செவ்வாய்க்கிழமை, ஐந்தாம் தேதி, மாலை ஐந்து மணிக்குள். மாலை. கடன் கட்டுவதோ மதியத்துக்குள். மறுபடி முதலாளி அறை. இந்தத் தடவை கதவு கொஞ்சம் அதிக நேரம் சாத்தியிருந்தது.

நான்கரை மணிக்கு இரண்டாவது காகிதம் ஏறியது. கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

'வெள்ளிக்கிழமை ஏற வேண்டிய சம்பளம் ஏறவில்லை. பணம் வியாழன் மாலையே கம்பெனிக் கணக்கிலிருந்து போய்விட்டது. வங்கியில் கணினி மாற்றியதில் பட்டியல் சிக்கியிருக்கிறது. வங்கி கொடுத்த தேதி: செவ்வாய், ஐந்தாம் தேதி, மாலை ஐந்து மணிக்குள். பிடித்தம் எதுவும் இல்லை, முழுச் சம்பளம். அதற்குள் கடன், வாடகை கட்ட வேண்டியவர்கள் திங்கட்கிழமை அலுவலகத்தில் முன்பணமாக ரொக்கம் வாங்கிக்கொள்ளலாம். சம்பளம் ஏறியபின் திருப்பித் தந்தால் போதும். தாமதத்தால் யாருக்காவது தண்டம் விழுந்தால் ரசீதைக் கொடுங்கள், கம்பெனி கட்டும். சந்தேகம் இருந்தால் என்னிடம் கேளுங்கள். காலையில் ஒட்டியது என் தவறு.'

பக்கத்திலேயே வங்கிக் கடிதத்தின் நகலும், பணம் போனதைக் காட்டும் தாளும். மீதி இருப்பு ஊருக்குத் தெரியக்கூடாது என்று முதலாளி முரண்டு பிடித்ததால், அந்த இடத்தில் ஒரு கறுப்பு அட்டைத் துண்டை வைத்து நகல் எடுத்திருந்தார். அந்தக் கறுப்புப் பட்டைக்குப் பின்னால் எவ்வளவு இருக்கும் என்பதிலேயே பாதிப் பேர் சம்பளத்தை மறந்து போனார்கள்.

பசை அக்கா பலகைப் பக்கம் வரவில்லை. பெண்கள் சத்தமாகப் படித்ததை முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார். கடைசி வரியில், பசைக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த அவர் கை ஒரு நொடி நின்றதாம்.

"செவ்வாய் வரைக்கும் உக்காருவோம். வரலைன்னா முதல்ல எந்திரிக்கிறது நான்."

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டன.

சனியும் ஞாயிறும் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி போயின. வீட்டில் தேதிக்காரர் உத்தரத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். எங்கேயோ கம்பிகளுக்குள், பெயர் எழுதிய நூற்று நாற்பது குட்டி விளக்குகள் வரிசையில் நின்று கதவு திறக்கக் காத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. தன் மனைவியின் விளக்கு முதலில் நிற்பதாகவும், பின்னால் நிற்பவர்களை அது அதட்டுவதாகவும் தோன்றியது.

திங்கட்கிழமை முன்பணம் வாங்க முதல் ஆளாக வந்தது பசை அக்காதான். கையெழுத்துப் போட்டு, பணத்தை இரண்டு தடவை எண்ணினார். தேதியை நம்பவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. தேதிக்காரர் குனிந்துகொண்டே, சில்லறை சரியா என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய். பதினொரு மணிக்குப் பசை அக்கா ஒரு மணி நேர அனுமதி வாங்கிப் போய்க் கடனைக் கட்டிவிட்டு வந்தார். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. மழை விட்டு, ஈரமான மஞ்சள் வெயில் ஜன்னலில் வந்தது. தேதிக்காரர் தூசியைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பதுக்கு வெட்டும் பகுதியில் ஒரு போன் மெதுவாக மணி அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு மடிக்கும் பகுதியில் இரண்டு. கூரையில் மழை தொடங்குகிற மாதிரி, இங்கே ஒரு சொட்டு, அங்கே ஒரு சொட்டு, கடைசியில் கொட்டு கொட்டென்று கொட்டியது. யாரும் கத்தவில்லை. எல்லாரும் அவரவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தேதிக்காரர் காகிதத்தை எடுக்கப் பலகைக்குப் போனார். அங்கே பசை அக்கா நின்றுகொண்டிருந்தார். பசைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதடு அசைய, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் படித்தார். பிறகு முதல் வரிக்குப் போய் இன்னொரு தடவை. ஏழு வருட பாக்கி அல்லவா, நேரம் எடுத்தது.

காகிதத்தின் ஓரத்தில் கை வைத்தவரைப் பார்க்காமலே சொன்னார்.

"எடுக்காதீங்க, இருக்கட்டும். எழுத்துதான் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்."

பிறகு போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "சாயங்காலம் அந்தக் குழாயைப் பாக்குறீங்களா?"

பார்க்கிறேன் என்றார் தேதிக்காரர். அன்று ராத்திரி குழாய்க்கு அடியில் வாளி இல்லை.