மூன்றாம் எண்ணின் கடிதங்கள்

ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர் அலுவலகத்துக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு எப்போதும் பாதித் தூக்கம்தான். காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று முகத்தில் படும். மலைக்கோட்டை பனிக்குள்ளிருந்து கொஞ்சம் தெரியும், அப்புறம் தெரியாது. அந்த அரைத்தூக்கத்தில் நான் யோசிப்பதெல்லாம் முன்பின் பார்த்திராத மனிதர்களைப் பற்றியே இருக்கும். வெந்நீர் வரவில்லை என்று எழுதியவர், ரயிலைத் தவறவிட்டவர், அறையை ரத்து செய்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பவர். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அறை பதிவு செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. அவர்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை.

வைகுண்ட ஏகாதசி நெருங்கியபோது பதில் எழுத இன்னொருவரை எடுக்கலாம் என்றார் முதலாளி. ஒரே ஒரு இடம். விண்ணப்பித்தவர்களில் நான்கு பேரைப் பொறுக்கி வைத்திருந்தோம்.

"தேங்கிக் கிடக்கிற கடிதத்தையே ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க. வேலையும் முடியும், ஆளும் தெரியும்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். "அப்ப சம்பளம் குடுத்து எடுத்துக்கோங்க சார். ஓசியில வேலை வாங்கறதுக்குப் பரீட்சைன்னு பேரு வைக்காதீங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சரிங்க, உங்க இஷ்டம். ஆனா நல்ல ஆளா வரணும்" என்று போய்விட்டார்.

என் இஷ்டப்படியே செய்தேன். எப்போதோ பதில் அனுப்பி முடிந்துபோன கடிதங்களாக எடுத்து, பெயர்களை மாற்றினேன். அவற்றுக்கு யார் என்ன பதில் எழுதினாலும் எங்களுக்கு வியாபாரத்தில் பைசா பிரயோஜனம் கிடையாது. அப்படித்தான் இருக்க வேண்டும். வேலையில் நாங்கள் பார்த்து எழுதுகிற தகவல் தாளையும் கூடவே வைத்தேன், மனப்பாடமா சோதிக்கப்போகிறோம்? எங்கள் அலுவலகத்தில் புதிதாய்ச் சேர்ந்திருந்த பெண்ணை முதலில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் அவளால் முடிக்க முடியவில்லை. நானாக இருந்தால் ஊதித் தள்ளியிருப்பேன், ஆனால் வருகிறவர்கள் நானில்லையே. ஏழு கடிதங்களை ஐந்தாகக் குறைத்தேன். எழுதி அனுப்பியதும் எல்லோருக்கும் ஒரே தொகை, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை விடைகள் வருவதற்கு முன்பே எழுதி வைத்தேன்.

நால்வருக்கும் போன் செய்து இதையெல்லாம் விளக்கினேன். முசிறியிலிருந்து விண்ணப்பித்திருந்த பெண்மணி மட்டும் நம்பாமல் கேட்டார்.

"நிஜமாவே பணம் குடுப்பீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு இடத்துல டெஸ்டுன்னு சொல்லி வாரக்கணக்கா எழுதி வாங்குனாங்க. ஒரு இடத்துல நான் எழுதுனதை அப்படியே அவங்க வெப்சைட்டுல போட்டுக்கிட்டாங்க. எடுத்தோம், எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க."

குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது, பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரத்தில் வேலை கிடைத்தால் போ என்று வீட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இதுவும் இல்லையென்றால் இனி போதும் என்று சொல்லிவிடுவார்கள் என்றார். பின்னால் குழந்தை எதையோ கொட்டிவிட்டு அழுதது. "பதறாதே, பாத்துக்கலாம்" என்றார் அதனிடம், அவ்வளவு நிதானமாக. அன்று பாலத்தைக் கடக்கும்போதும் அந்தக் குரல் காதிலேயே இருந்தது. அவருக்கே கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று இப்போது பூசி மெழுக மாட்டேன்.

விடைகள் வந்தன, மறுநாளே பணம் போட்டோம். பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டுத் தந்தார் முதலாளி. நானும் கைலாசபுரத்திலிருந்து வருகிற எங்கள் கணக்கர் அம்மாவும் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போட வேண்டும், போட்டு முடிக்கும்வரை பேசிக்கொள்ளக் கூடாது என்று ஏற்பாடு.

மத்தியான வெயில் ஜன்னலில் மஞ்சளாக நின்றது. மூன்றாம் எண்ணின் முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: 'பதற வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம்.' எனக்குச் சிலிர்த்துவிட்டது. எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆள் குழந்தையோடு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நல்ல கடிதங்கள். சலுகை காட்டிவிடுவேனோ என்று பயந்து, முன்பே எழுதி வைத்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். அப்படியும் மூன்றாம் எண்தான் முதலில் நின்றது. சந்தோஷமாக இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் போட்ட மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நான்காம் கடிதத்தில் மட்டும் அவர் போட்டதற்கும் நான் போட்டதற்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. மதுரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் அறைக்கு வழி கேட்ட கடிதம் அது. 'சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ் பிடியுங்கள்' என்றது மூன்றாம் எண். நான் முழு மதிப்பெண் போட்டிருந்தேன். ஒன்றாம் எண்ணோ, 'தாளில் சென்ட்ரல் என்று இருக்கிறது, ஆனால் மதுரை பஸ்கள் இப்போது பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிடுகின்றன, அங்கிருந்து டவுன் பஸ் பிடியுங்கள்' என்று எழுதியிருந்தது. நான் போட்டது பூஜ்யம், கணக்கர் அம்மா ஒன்றுக்கு முழுதும் மூன்றுக்குப் பாதியும் போட்டிருந்தார்.

"மேடம், நீங்க கடைசியா எப்ப வெளியூர் பஸ்ல போனீங்க?" என்றார் கணக்கர் அம்மா.

ஸ்ரீரங்கத்துக்கும் தில்லைநகருக்கும் நடுவில் ஓடுகிறவளுக்குப் பஞ்சப்பூர் எங்கே ஞாபகம் இருக்கும்? முடிந்துபோன கடிதம்தான் வேண்டும் என்று அலமாரியைக் குடைந்தவள், அதோடு இருந்த பழைய தகவல் தாளையும் சேர்த்து எடுத்து வந்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

"அப்ப ஒண்ணுக்கு முழுசாப் போட்டு, மூணுக்குப் பூஜ்யம் போட்டுடலாமா?" என்றார் அவர்.

"அது எப்படிங்க? நாம குடுத்த தாளைப் பாத்து அவங்க சரியாத்தானே எழுதியிருக்காங்க. தாளு தப்புன்னா தப்பு நம்மளுது."

"அப்ப இப்படியே விட்டுடலாம்" என்றார்.

விட்டுவிடத்தான் ஆசையாக இருந்தது. விட்டால் மூன்றாம் எண்ணுக்கு வேலை. கேள்வி கெட்டுப்போயிருந்தால் யாருக்கும் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் தெரிந்தது. அதை எடுத்துவிட்டால் ஒன்றாம் எண் ஒரு நூல் முன்னால் போகும். விடைகளைப் பார்த்த பிறகு, எனக்குப் பிடித்தவர் ஜெயிக்கிற மாதிரி ஒரு தப்பை நிற்க விடுவதென்றால், முதலாளியிடம் நான் போட்ட சத்தத்துக்கு என்ன அர்த்தம்? பேனாவை எடுத்து நான்காம் கடிதத்தை எல்லோர் தாளிலும் அடித்தேன்.

எண்களைப் பிரித்தபோது மூன்றாம் எண் முசிறிதான்.

நானே சொல்கிறேன் என்று போன் செய்தேன். வேலை கிடைக்கவில்லை என்பதைச் சுற்றி வளைக்காமல் முதலில் சொன்னேன். நான்காம் கடிதத்தில் நடந்ததையும் மறைக்கவில்லை. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மத்ததுல எங்கேங்க விட்டேன்?"

"ரத்து பண்ணவருக்கு எழுதினீங்களே, அவருக்குப் பணம் என்னிக்கு வரும்னு தெரியணும். நீங்க நாலு வரி ஆறுதல் சொல்லிட்டு, தேதியைக் கடைசியில வச்சிருந்தீங்க. மத்தபடி நல்லா இருந்துச்சுங்க, நிஜமாத்தான் சொல்றேன்."

அவர் தெருவில் யாரோ வாழைப்பழம் விற்றுப் போகிற சத்தம் போனில் கேட்டது. வீட்டில் அவரிடம் இன்று என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மூணு இடத்துல எழுதிக் குடுத்திருக்கேங்க" என்றார் கடைசியில். "படிச்சுப் பாத்துட்டு வேண்டாம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."