ஐந்து மணி என்றால் ஆறு

ஆக்லாந்தின் நியூ லின்னில் கார் கழுவும் இடத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். முதலாளிக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கு அந்தக் குளிர்தண்ணீரைப் பிடிக்கவில்லை. விசா இருந்தது. முதுகில் ஒரு பை, ஒரு காலில் ஈரச் சாக்ஸ். மவுண்ட் வெல்லிங்டன் வரை நடந்தபோது பசி வந்தது. ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் மளிகைக் கடைக்குள் நுழைந்தேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, தமிழ் எழுதுவீரோ?"

"ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படிச்சேன்க்கா."

"அவ்வளவு காணும். இரும்."

ஒடாஹுஹுவில் ஒரு மண்டபத்தில் வில்லுப்பாட்டு. வில்லடிப்பவர் அக்காவேதான். வெளியூர்க்காரர்கள் பார்க்க இணைய டிக்கெட்டும் உண்டு. போஸ்டருக்குக் கீழே போட வாசகம் வேண்டும். அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழில் எழுத வராது. ஒரு தட்டு இடியாப்பமும், மண்டபத்து வேலையும், அதுவரை அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுக்க இடமும் கிடைத்தன.

"நேரம் கவனமாப் போடும். அப்பா யாழ்ப்பாணத்தில இருந்து பாக்கப் போறார். நான் மேடையேறினதை அவர் ஒருநாளும் பாத்ததில்லை. ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவர். சும்மா லிங்க் தாறன் எண்டன், வேண்டாமெண்டு டிக்கெட் வாங்கிறாராம். சொன்ன நேரத்துக்குத் தொடங்காட்டி எழும்பிப் போயிடுவார். என்ர கலியாணத்திலயே அப்பிடிப் போனவர்."

அக்கா சொன்ன ஐந்து மணியை ஃபோனில் மூன்று தடவை சரிபார்த்தேன். குளிர்காலம் என்பதால் இங்கே கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் தொல்லை இல்லை. இப்படி எழுதினேன்:

"சனிக்கிழமை, ஆக்லாந்து மாலை 5 மணி. அதே நாள் யாழ்ப்பாணம், சென்னை காலை 10.30. கோலாலம்பூர், சிங்கப்பூர் பிற்பகல் 1. லண்டன் காலை 6. மண்டப டிக்கெட்டில் இரவுச் சாப்பாடும் சேரும். இணைய டிக்கெட்டுக்கு லிங்க் மட்டும், மின்னஞ்சலில் வரும்."

அக்கா படித்துவிட்டு, "வடிவாயிருக்கு" என்றார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு லேப்டாப்பில் இணைப்பைத் திறந்துவிட்டேன். திரையில் முகங்கள் வந்து நிறைந்தன. மண்டபத்தில் நானும் நாற்காலிகளும் மட்டும். ஓடிப்போய் ஒப்பனை அறைக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, யாரையும் காணோம்."

"ஆறு மணிக்குத்தானே தொடக்கம். ஐஞ்செண்டு போட்டாத்தான் எங்கட ஆக்கள் ஆறுக்கு வருவினம். உடுக்கைக்காரர் இன்னும் மோட்டர்வேயில வாறார்."

"நான் ஐந்தை வச்சுத்தான் எல்லா ஊருக்கும் கணக்குப் போட்டேன்."

பாதி கட்டிய கொண்டையோடு அக்கா உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அப்பா."

திரும்பி வந்தபோது திரையில் ஒரு முதியவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் கைப்பிடியில் கை ஊன்றி எழத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த ஊரெல்லாம் ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் படுத்துத் தெரிந்துகொண்டதுதான். மைக்கை எடுத்தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஒடாஹுஹுவிலிருந்து புறப்பட வேண்டிய வில்லுப்பாட்டு சற்றுத் தாமதமாகப் புறப்படும்."

முதியவர் நின்றார். "தம்பி, சற்று எண்டா எவ்வளவு?"

"ஒரு மணி நேரம் ஐயா."

"அப்ப அதைச் சொல்லவேணும். காரணமும் சொல்லவேணும்."

"உடுக்கை வரவில்லை ஐயா."

"இஞ்சின் வரேல்லை எண்டு சொல்லும்."

அவர் மறுபடியும் உட்கார்ந்தார், ஆனால் என்னை விடவில்லை. அறிவிப்பை முதலிலிருந்து சொல்லவைத்தார். வேகம் அதிகம் என்றார். "சனம் மூட்டையோட ஓடிவரும், மெல்லச் சொல்லும்." கோலாலம்பூரிலிருந்து ஒரு அம்மா, "இந்த ரயில்ல சாப்பாடு இல்லையாலா?" என்று கேட்டார். "அது மண்டபப் பயணிகளுக்கு மட்டும்" என்று எனக்கு முன்னால் முதியவரே பதில் சொன்னார். வாசகத்தை முழுசாகப் படித்திருக்கிறார். லண்டனில் போர்வைக்குள் இருந்த ஒருவர் தண்டவாளச் சத்தம் கொடுத்தார்.

ஆறு மணிக்குக் கூட்டம் வந்தது, அதிலும் பாதிதான். உடுக்கையும் வந்தது. அக்கா மேடையேறி முதலில் திரையைத்தான் பார்த்தார். அப்பா இருந்தார். கையில் பச்சைத் துண்டு ஒன்றை வைத்திருந்தார். அதைக் கொடிபோல உயர்த்தி அசைத்தார். அக்கா வில்லில் அடித்த முதல் அடி தப்பிப்போனது. அடுத்தது சரியாக விழுந்தது.

முடிந்ததும் அவரிடம் அக்கா, "எப்பிடியப்பா?" என்றார்.

"ஒரு மணித்தியாலம் லேட். உன்ர பாட்டு நல்லம். அந்தப் பெடியன்ர அறிவிப்பு இன்னும் திருந்தவேணும்."

சாப்பாட்டுப் பந்தியில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு மலேசியத் தமிழர் என் தோளைத் தட்டினார். "தம்பி, வேலை வேணுமா? நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துருலா."

எந்த ஆறு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. மறுநாள் ஆறுக்கே அவருடைய கிடங்குக்குப் போய்ப் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றேன். அவர் ஏழுக்கு வந்தார். வெங்காய மூட்டை இறக்கும் வேலை.