ஜங்ஷனும் கவுண்டியும்

பேரின்பநாதன் தன் வேனுக்குத் தானே முதலாளி. அப்படித்தான் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று எடிசன் என்ற ஊரில் இருந்த அந்தக் கூரியர் கம்பெனியின் மேனேஜர் அவர் கையைக் குலுக்கி, இனிமேல் நீ யாருக்கும் வேலைக்காரன் இல்லை என்று வாழ்த்தினான். சொன்னது உண்மைதான். வேலைக்காரனுக்கு லீவு உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு. முதலாளிக்கு இரண்டும் இல்லை.

பல் டாக்டர்களுக்குப் பல் செட், மருந்துக் கடைகளுக்கு மாத்திரைப் பெட்டி, ஆபீஸ்களுக்குச் சம்பளக் காசோலைக் கட்டு என்று மத்திய நியூஜெர்சி முழுக்கக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். ஒரு இடத்துக்கு நாலரை டாலர். கம்பெனி ஊர்களை நாலு வட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தது. பக்கத்து இரண்டு வட்டங்களுக்குத் தூரப்படி கிடையாது. மூன்றாவதற்கு மேலே மூன்று டாலர், நாலாவதற்கு ஆறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்துக் கணக்குத் தாள் வரும். மேலே வரவு இருக்கும். கீழே வேன் குத்தகை, இன்ஷூரன்ஸ், ரேடியோ வாடகை, வைப்புப் பணம் என்று வரிசையாகக் கழிவு இருக்கும். பெட்ரோல் அதில் வராது, அது முதலாளியின் கைச்செலவு.

யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போவில் இருந்தபோது கண்டக்டர்களின் டிக்கெட் கணக்கைச் சரிபார்த்து, இரண்டு ரூபாய் குறைந்தாலும் பிடித்தவர் இவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் கணக்குத் தாளில் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார் என்றால் நம்புவீர்களா? பன்னிரண்டு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்த கண்ணுக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. போன கோடையிலிருந்து தாள் கொஞ்சம் கொழுத்திருந்தது. நன்றாக ஓடுகிறோம் என்று நினைத்துக்கொண்டார். மனைவி மேர்சி, கர்த்தர் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மேர்சிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். காப்பீடு இல்லாமல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், போனதும் அடுப்புக்குப் போய்விடுவாள். அதனால்தான் தொண்ணூற்றெட்டு மார்ச்சில் மான்மவுத் ஜங்ஷனில் இருந்த மருந்துக் கிடங்கில் மணிக்கூலி வேலை கிடைத்தபோது பேரின்பநாதன் வண்டியை ஓரம்கட்டிவிட்டு அழுதார். அது அவர் தினமும் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த இடம்தான். அங்கே முதல் நாளிலிருந்தே குடும்பத்துக்குக் காப்பீடு. அடுத்த வாரம் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விலகல் கடிதத்தோடு ஆபீசுக்குப் போனார். கணக்குத் தாள் போடும் ஸ்வர்ணா மயிலாப்பூர்ப் பெண், அமெரிக்கா வந்து மூன்று வருடம் ஆகிறது. கடிதத்தை வாங்காமல் நாற்காலியைக் காட்டினாள்.

"அங்கிள், டெலிவரி டிக்கெட்ல ஊர் பேரை எம், ஓ, என்-னு மூணு எழுத்து மட்டும் எழுதுறீங்க இல்ல? நான் அதை மான்மவுத் கவுண்டினு என்டர் பண்ணிட்டேன். அது நாலாவது வட்டம். ஜங்ஷன் இங்க பக்கத்துல, மிடில்செக்ஸ் கவுண்டில இருக்கு. ஆடிட்ல பிடிச்சிட்டாங்க."

பேரின்பநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது சுட்டது. ஸ்டியரிங்மேல் டிக்கெட் கட்டை வைத்து எழுதுகிறவன் முழுப்பெயரையா எழுதுவான்? ஜங்ஷனுக்குப் போனாலும் மூன்று எழுத்து, கடற்கரைப் பக்கத்து மான்மவுத் கவுண்டிக்கு, அதாவது அந்த மாவட்டத்துக்குப் போனாலும் அதே மூன்று எழுத்து. ஒன்பது மாதத்தில் முந்நூற்றுப் பத்துத் தடவை எழுதியிருந்தார். தடவைக்கு ஆறு டாலர் வீதம் ஆயிரத்தெண்ணூற்று அறுபது டாலர் கூடுதலாக வாங்கிவிட்டார் என்று கம்பெனி தாளில் ஏற்றிவிட்டது.

"பிள்ளை, நான் ஃப்ரீஹோல்ட் ஊருக்குப் போனதும் அந்த முன்னூத்திப் பத்துக்குள்ளதான் கிடக்கு. அது உண்மையாவே கவுண்டிதானே. கிழமைக்கு ரெண்டு தரமாவது போறனான்."

ஸ்வர்ணாவுக்கும் அது தெரியும். மேனேஜரிடம் சொல்லிப் பார்த்திருந்தாள். எது ஜங்ஷன் எது கவுண்டி என்று பிரிக்க ஆளில்லை என்றுவிட்டானாம். தாளில் தப்பு இருந்தால் ஏழு நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம், ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறது என்றானாம்.

"அப்ப அவர் மட்டும் ஒன்பது மாசத்துக்கு முந்தினதைத் திறக்கலாமோ?"

"அதுவும் கான்ட்ராக்ட்ல இருக்கு அங்கிள்."

அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. தப்பில் பாதி அவளுடையது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் டெலிவரி ஒப்பந்தத்தில் தட்டச்சு செய்தவளிடம் பிடிக்க வழியில்லை, எழுதியவனிடம்தான் உண்டு.

வேலையில் நீடித்தால் வாரம் நூற்றிருபது பிடிப்பார்கள், பதினாறு வாரத்தில் தீரும். விலகினால் முழுவதும் உடனே. வைப்பில் கிடக்கும் தொள்ளாயிரத்தை எடுத்துக்கொள்வார்கள். மீதியும், ஜூலையில் முடிய வேண்டிய வேன் குத்தகையைப் பாதியில் விடும் கடனும் வசூல் ஏஜென்சிக்குப் போகும். போனால் ஒப்பந்தத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் பெயரில் ஏறும். போட்டவன் ஷாந்தன், மேர்சியின் தம்பி. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு வாங்கப் பாங்கில் கடன் கேட்டிருந்தான். அவனுடைய கடன் கணக்கை ஒவ்வொரு வரியாகத் துருவிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தான், பாவி.

பேரின்பநாதன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தன் வேனுக்குத் தானே முதலாளியான மனுஷனுக்கு வேனை விட்டு இறங்க வழியில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மேர்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஷாந்தனிடம் காசு கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். கையில் இருந்ததையெல்லாம் முன்பணமாகக் கட்டிவிட்டான், கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டான், அதனால் கேட்கவே கூடாது என்றாள்.

"தம்பியின்ர வீட்டைக் கெடுத்து எனக்கு ஒரு ஆபரேஷன் வேண்டாம். என்ர வயிறு இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும்."

பொறுக்காது என்று இருவருக்கும் தெரியும். அவர் கிடங்குக்குப் போன் செய்தார். ஜூலை கடைசியில் வரலாமா என்று கேட்டார். இடத்தை அவ்வளவு நாள் காலியாக வைக்க முடியாது என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர் தாளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஃப்ரீஹோல்டுக்குப் போனால் ஃப்ரீஹோல்ட், கவுண்டி, நாலாவது வட்டம் என்று மூன்று விதமாக எழுதினார். ஸ்வர்ணாவும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்துப் போட்டாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசியில் நூற்றிருபது கழிவும் சுத்தமாக இருந்தது.

மூன்றாவது திங்கட்கிழமை அந்தக் கிடங்குக்கே மூன்று பெட்டி. இறக்கும் மேடையில் புது ஆள் ஒருவன் நின்றான். இளம்வயசு, நீலச் சட்டை, கழுத்தில் புது அட்டை. அவன் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவமாம், நல்ல வேளையாகக் காப்பீடு கிடைத்தது என்று கேட்காமலே சொன்னான். பேரின்பநாதன் அவனை வாழ்த்தினார். மனசாரத்தான் வாழ்த்தினார், அதுதான் அவருக்கே தாங்கவில்லை.

பிறகு டிக்கெட் கட்டைப் பெட்டிமேல் வைத்து ஊர்ப் பெயரை எழுத ஆரம்பித்தார். பையன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். எதற்கு இவ்வளவு பாடு, மூன்று எழுத்துப் போதுமே, எல்லாருக்கும் புரியும் என்றான்.

பேரின்பநாதன் நிமிரவில்லை. மான்மவுத் என்று எழுதி முடித்து, கொஞ்சம் இடம் விட்டு, ஜங்ஷன் என்பதையும் கடைசி எழுத்து வரை எழுதினார். பையன் கையெழுத்துப் போட்டான். நாலரை டாலர், தூரப்படி இல்லை.