வளையல் அடகுக்குப் போகாத வருஷம்

“1.1.2005, சனிக்கிழமை. இந்த ஆண்டு அன்பளிப்புக்கு மொத்தம் 9,000. பிறந்த நாள் 1,500. பண்டிகை 4,500. குடும்ப விசேஷம் 3,000. ஒரு வரியில் கூடினால் இன்னொரு வரியில் குறைக்க வேண்டும். வளையலைத் தொடக் கூடாது.”

ஓசூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் அலமாரிக் கதவில், உட்பக்கமாக நான் ஒட்டிவைத்த தாளின் தலைப்பு வரிகள் இவை. கடைசி வாக்கியத்தைச் சொன்னவர் என் கணவர், எழுதியது நான்.

காரணம் இருந்தது. ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் கல்யாணங்கள் வரிசையாக வரும். மொய் வைக்காமல் இருக்க முடியாது. நமக்கு வைத்தவர்களுக்கு வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் திருப்பி வைக்க வேண்டும். கையில் பணம் இருக்காது. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள அடகுக் கடைக்கு என் ஒரு ஜோடி வளையல் போகும். தீபாவளி போனஸ் வந்ததும் வட்டியோடு மீட்போம். மீட்ட பிறகு தீபாவளித் துணிக்குப் பணம் போதாது, கைமாற்று வாங்குவோம். மூன்று வருஷம் இதே சுற்று. அவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டும் டர்னர், நான் இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் எழுத்தர். கம்பெனியில் எந்தச் சாமான் எப்போது தீரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும் எனக்கு, வீட்டில் ஆவணி மாதம் மட்டும் ஆண்டுதோறும் திடீரென்று வந்தது.

அதனால் மாதம் 750 ரூபாயைத் தனியே எடுத்துவைத்தோம். தெரிந்த விசேஷங்களையெல்லாம் தேதியோடு எழுதினேன். தேதிகளுக்கு நான் நம்பியது பள்ளிச் சான்றிதழ்களை. என் மாமனாரின் சான்றிதழில் 3.6.1947 என்று இருந்தது. ஆகவே அவருடைய அறுபதாம் கல்யாணம் 2007 கணக்கில் வரும் என்று தாளின் ஓரத்தில் குறித்து, கவலையில்லாமல் இருந்தேன்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனாரும் அவருடைய அக்காவும் சிங்காரப்பேட்டையிலிருந்து ஒரு பை மாம்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அத்தைக்காரி என்ற உரிமையில் அந்த அம்மாள் என் கணவரை உட்காரக்கூட விடவில்லை.

“ஏன்டா, அப்பனுக்கு இந்த ஆவணியில அறுவது முடியுது. எல்லாரையும் கூப்புட வேணாமா? திருக்கடையூருக்கு வேன் சொல்லிட்டியா?”

“அறுவதா? இன்னும் ரெண்டு வருசம் இருக்குதே அத்தை. சர்ட்டிபிகேட்ல நாப்பத்தேழுதான் போட்டிருக்குது.”

“அது வாத்தியார் போட்ட வயசு. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப அவரா ஒரு தேதிய எழுதிக்கிட்டாரு. உங்கப்பன் பொறந்தது பார்த்திப வருசம். இப்பவும் பார்த்திப வருசம்தான் நடக்குது. காலண்டர எடுத்துப் பாரு.”

சுவரிலிருந்த நாள்காட்டியை நான்தான் போய்ப் பார்த்தேன். பார்த்திப வருஷம்தான். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. பிறந்த வருஷத்தின் பெயர் மறுபடி வரும்போது, பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில்தான் அறுபதாம் கல்யாணம். தேதி தவறாமல் எல்லாவற்றையும் குறித்துவைக்கிற நான் இதை மட்டும் கேட்டே பார்க்கவில்லை.

என் கணவர் சமையலறைக்குள் வந்து நின்றார். அவர் ஒரே மகன். செய்யாமல் விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. செய்தால் வேன், விருந்து, பட்டு, தாலிக்குப் பொன்.

“வரியில எவ்ளோ இருக்குது?” என்று மெதுவாகக் கேட்டார்.

குடும்ப விசேஷத்தில் 1,200 செலவாகிவிட்டது. மீதி 1,800. ஆவணியில் இரண்டு கல்யாண மொய்க்கு ஆயிரம் ஒதுக்கினால் கையில் நிற்பது 800.

அவர் என் கையைப் பார்த்தார். நான் வளையலை மேலே தள்ளிக்கொண்டேன்.

கூடத்தில் சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்தால், துண்டு எடுப்பதற்காக மாமனார் அலமாரியைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதவில் இருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பே கூசியது. யாருக்கு எவ்வளவு என்று எழுதிய தாளை, அந்த ‘யாரு’ படிக்கக் கூடாது அல்லவா?

“ஏம்மா, மாமாவுக்குப் பொறந்த நாளு சட்டை இருநூறு. தீவாளிக்கு வேட்டி, சட்டை, மாமியாருக்குப் பொடவை, ஆயிரத்து இருநூறு. இது நானா?”

“ஆமாங்க மாமா.”

“போன தீவாளி வேட்டி இன்னும் மடிப்பு கலையாம பொட்டியில கெடக்குது. அதுக்கு முந்துன தீவாளி வேட்டியும் கெடக்குது. உங்க மாமியாரும் பொடவைய வெளிய எடுக்கறதே இல்ல. காட்டு வேலைக்குப் போறவனுக்கு என்னாத்துக்கும்மா இத்தன வேட்டி?”

“கொடுத்தத கட்டாம வெச்சிருந்தா எப்படிப்பா?” என்றார் என் கணவர்.

“கட்டிக்கறேன்டா. அறுவதுக்குக் கட்டிக்கறேன். லேபிளு கூட பிரிக்கல, புதுசுதான். இந்தத் தீவாளிக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் எடுக்காத. அந்தப் பணத்தத் தூக்கி இந்த வரியில போட்டுக்கம்மா.”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “அப்ப திருக்கடையூரு?”

“அவ்ளோ தூரம் வேன்ல போயி வழியெல்லாம் நீ வாந்தி எடுக்கறதுக்கா? இங்க மலைக்கோயில் இருக்குது, படி ஏறுனா சாமி. அரிசியும் எண்ணெயும் நம்ம வூட்டுலருந்து நான் கொண்டாரேன். ஊருல வெச்சா நூறு பேரு மொய் எழுதுவான். அத்தனையும் இந்தப் புள்ள அடுத்த வருசம் வரி போட்டுத் திருப்பணும்.”

அந்த அம்மாள் முறைத்துவிட்டு, “நான் மொய் வெப்பேன், என்னைய யாரும் கேக்க முடியாது” என்றார். மாமனார் சிரித்துவிட்டார். என் கணவரும் சிரித்தார். அன்று காலையிலிருந்து அவர் முகம் அப்போதுதான் பழைய முகமாயிற்று. நான் பென்சிலால் தீபாவளி வரியில் 1,200ஐ அடித்து, கீழே மீதி 800ஐயும் சேர்த்து அறுபதாம் கல்யாணத்துக்கு 2,000 என்று எழுதினேன். கைமாற்றும் இல்லை, அடகுக் கடையும் இல்லை.

ஆவணியில் மலைக்கோயிலில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. இருபது பேர் போல வந்தார்கள். வேட்டியின் மடிப்புக் கோடுகள் அப்படியே தெரிந்தன, யாரும் கேட்கவில்லை. பொன் வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டதால், மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டினார் மாமனார். இரண்டு முடிச்சோடு நிறுத்தினார். மாமியார், “இன்னும் ஒரு முடிச்சுப் போடுங்க, சும்மா வாத்தியார் தேதி மாதிரி போடாதீங்க” என்றார். சாப்பாடு எங்கள் வீட்டில். செலவு 2,000க்குள் அடங்கியது. மாமனாரின் அக்கா வைத்த நூற்றியொரு ரூபாயை மறு ஆண்டுத் தாளில் அவருடைய பேத்தி காதுகுத்துக்கு நேரே குறித்துக்கொண்டேன்.

அந்த ஆவணியில் அடகுக் கடையைக் கடந்து பஸ் பிடிக்கப் போகும்போது கடைக்காரர் வழக்கம்போலத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். கையில் வளையல் இருந்தது. போனஸ் அந்த வருஷம் முழுசாக வீட்டுக்கு வந்தது. பிறகு வந்த ஆண்டுகளிலும் தாள் ஒட்டினேன். மாமனாருக்கான தீபாவளி வரியில், பழையதைக் கட்டிக் கிழித்த பிறகு மட்டும் என்று அவரே சொல்லி எழுதவைத்தார்.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. மாமனாருக்கு ஜாதகம் எழுதப்படவில்லை. பார்த்திப வருஷம், ஆவணி மாதம், அஸ்த நட்சத்திரம் என்பதெல்லாம் அக்காவின் வாய்மொழி. சான்றிதழ் சொல்வது வேறு. பிறப்புப் பதிவேட்டை நான் இதுவரை பார்த்ததில்லை, அப்படி ஒரு பதிவு இருக்கிறதா என்றும் தெரியாது. எனவே 2005இல் அவருக்கு உண்மையிலேயே அறுபது நிறைந்ததா என்பதை நான் உறுதி செய்யவில்லை.